வசூலை மட்டும் நம்பாத சேவை: ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணக்கு

ரமலானில் வசூல் நன்றாகவே வந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் தாராளமாக அனுப்புகிறார்கள். ஆனால் சம்பளம், மின்கட்டணம், வாடகை மூன்றும் ஆண்டுக்கு ஒருமுறை வருபவை அல்ல, மாதாமாதம் வருபவை. அதனால்தான் நல்ல எண்ணத்தோடு ஊரில் தொடங்கப்படும் மருந்தகமும் பரிசோதனை நிலையமும் தையல் கூடமும் இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறுகின்றன. சேவை தேவைப்படுகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பணம் மட்டும் வந்திருக்காது.

கொடுப்பவர்களின் மனம் சுருங்கிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. உண்மையில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சேவையைத் தொடங்கும்போதே அதன் வருமானத்தையும் நாம் வடிவமைப்பதில்லை.

மதுரை சொல்லித்தரும் பாடம்

இதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அது உலகிலேயே மிக அதிகமாகக் கண் அறுவை சிகிச்சை செய்யும் நிறுவனங்களில் ஒன்று. அங்கு நடக்கும் சிகிச்சைகளில் பெரும்பகுதி இலவசம், அல்லது மிகக் குறைந்த கட்டணம். ஆனாலும் அன்றாடச் செலவுக்கு அந்த மருத்துவமனை நன்கொடையை நம்பி நிற்பதில்லை.

இது எப்படி நடக்கிறது? கட்டணம் கொடுக்கக் கூடியவர் கொடுக்கிறார், அந்த வருமானத்தின் உபரியில் ஏழைக்குச் சிகிச்சை நடக்கிறது. கட்டணம் கொடுப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது தனி அறை போன்ற வசதியும், லென்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும்தான். இரு தரப்புக்கும் அறுவை சிகிச்சை செய்வது ஒரே மருத்துவர்கள். சிகிச்சையின் தரத்தில் வேறுபாடு காட்டியிருந்தால் ஏழையின் நம்பிக்கையும் போயிருக்கும், நிறுவனத்தின் பெயரும் கெட்டிருக்கும்.

விலையை வகுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை, செலவையும் குறைத்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது ஏறக்குறைய 100 டாலர் விலையில் இறக்குமதியானது. 1992-ல் அவர்கள் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, அதே லென்ஸைச் சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்கூடம் அமைக்க சேவா ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் உதவின. இதைக் கவனிக்க வேண்டும். உதவிப் பணம் போனது அந்த மாதச் சம்பளத்துக்கு அல்ல, செலவை நிரந்தரமாகக் குறைக்கும் ஒரு ஏற்பாட்டுக்கு.

நம் ஊர் அளவில் ஒரு கணக்கு

இதே முறையைச் சிறிய அளவில் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜமாஅத் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வருபவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊரின் எண்கள் வேறாக இருக்கும், போடும் முறை இதுதான்.

இரண்டு டெக்னீஷியன்களின் சம்பளம், வாடகை, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய். ஒருவர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் இந்தச் செலவு மாறாது. இதைத் தவிர, ஒருவருக்குப் பரிசோதனை செய்ய ஊசி, குழாய், ரசாயனம் என 120 ரூபாய் ஆகிறது.

முழுக் கட்டணம் 300 ரூபாய், பாதிக் கட்டணம் 150 ரூபாய், வசதியற்றவருக்கு இலவசம். வருகிறவர்களில் நூற்றுக்கு 50 பேர் முழுக் கட்டணமும் 30 பேர் பாதிக் கட்டணமும் தருகிறார்கள், 20 பேருக்கு இலவசம். இப்படியானால் ஒருவருக்குச் சராசரி வருமானம் 195 ரூபாய். அதில் பொருள் செலவு 120 போக 75 ரூபாய் மிஞ்சுகிறது. 60,000-ஐ 75-ஆல் வகுத்தால் 800. அதாவது மாதம் 800 பேர் வந்தால் நிலையம் தன் காலில் நிற்கும். 25 வேலை நாட்களுக்கு நாளொன்றுக்கு 32 பேர். 600 பேர்தான் வருகிறார்கள் என்றால் மாதம் 15,000 ரூபாய் துண்டு விழும். அந்தப் பள்ளத்தைத்தான் நாம் ஒவ்வொரு முறையும் வசூலால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே சறுக்குகிறது?

ஒருவரை முழுக் கட்டணம் கேட்க நமக்குச் சங்கடம். தெரிந்தவர், சொந்தக்காரர், நிர்வாகியின் நண்பர் என்று சலுகை கொடுத்துவிடுகிறோம். மெல்ல மெல்ல முழுக் கட்டணம் தருபவர் 50-லிருந்து 40 ஆகிறார், இலவசம் 20-லிருந்து 30 ஆகிறது. பார்க்கச் சிறிய மாற்றம்தான். ஆனால் இப்போது ஒருவரிடமிருந்து மிஞ்சுவது 75 அல்ல, 45 ரூபாய். நிலையம் தாங்க வேண்டுமானால் 800 பேர் போதாது, 1,330-க்கும் மேற்பட்டவர்கள் வர வேண்டும். அத்தனை பேரைப் பரிசோதிக்க இரண்டு டெக்னீஷியன்கள் போதுமா என்பது அடுத்த கேள்வி.

கூட்டம் நிறைந்திருக்கும்போதே நிலையம் நஷ்டத்தில் போவது இப்படித்தான். வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது. மாதக் கடைசியில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: முழுக் கட்டணம் தந்தவர், பாதி தந்தவர், இலவசமாகப் பெற்றவர். இரண்டு மாதம் தொடர்ந்து முதல் எண்ணின் பங்கு குறைந்தால் அப்போதே காரணம் தேட வேண்டும். சலுகை தாராளமாகிவிட்டதா, அல்லது அறிக்கை தாமதமாவதால் பணம் கொடுக்கக் கூடியவர் வேறு லேபுக்குப் போய்விட்டாரா? இரண்டாவதாக இருந்தால் விலையைக் குறைப்பதால் அவர் திரும்பி வர மாட்டார். சொன்ன நேரத்தில் அறிக்கை தந்தால்தான் வருவார்.

பொருள் செலவைக் குறைப்பதும் பெரிய கை கொடுக்கும். பக்கத்து ஊர் நிலையங்களோடு சேர்ந்து ரசாயனத்தை மொத்தமாக வாங்கி, 120 ரூபாயை 100 ஆக்கினால், முதலில் சொன்ன கணக்கில் 800 பேருக்குப் பதில் 632 பேரே போதும். ஆனால் காலாவதித் தேதியைப் பார்த்து அளவாக வாங்க வேண்டும். வீணாகிற ரசாயனம் அந்தச் சேமிப்பை விழுங்கிவிடும்.

நன்கொடைக்கு என்ன வேலை?

அப்படியானால் நன்கொடையே வேண்டாமா? வேண்டும். இயந்திரம் வாங்குவது, கட்டடம் எழுப்புவது, கூட்டம் சேரும் வரை முதல் சில மாதப் பற்றாக்குறையைத் தாங்குவது ஆகியவை நன்கொடைக்கு ஏற்றவை. நம் முன்னோர் பள்ளிவாசலுக்குக் கடைகளையும் தோப்புகளையும் வக்ஃப் செய்தது, மாதாமாதம் வாடகையும் ஆண்டுதோறும் விளைச்சலும் வரட்டும் என்றுதானே? ஜகாத்தின் நிலை வேறு. அது உரியவரைச் சேர வேண்டிய பணம் என்பதால், சம்பளத்துக்கோ இயந்திரத்துக்கோ எடுக்கும் முன் உலமாக்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஜகாத் கணக்கும் நிலையத்தின் கணக்கும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

சட்டத்திலும் ஒரு வரம்பு உண்டு. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை கட்டணச் சேவை நடத்தினால் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். மருத்துவம், கல்வி, ஏழைகளுக்கான உதவி போன்றவற்றில் அடங்காமல் 'பொதுப் பயன்பாடு' என்ற பிரிவில் வரும் அறக்கட்டளைக்கு, வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்கே போய்விடலாம். உங்கள் பணி எந்தப் பிரிவில் வருகிறது என்பதைத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் "இந்த ஆண்டு எவ்வளவு வசூலானது?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். "நாளை முதல் ஒரு ரூபாய்கூட வசூலாகாவிட்டால், இந்த நிலையம் எத்தனை மாதம் திறந்திருக்கும்?" அதற்குக் கிடைக்கும் பதிலிலிருந்து நம் கணக்கைத் தொடங்கலாம்.