வளைவு வலப்பக்கம் நகர்ந்தால் என்ன பொருள்?

உடலியங்கியல் தேர்வில் அடிக்கடி வரும் படம் இது: கினிப்பன்றியின் குடல் துண்டு அசிட்டைல்கோலினுக்குச் சுருங்குவதைக் காட்டும் S வடிவ வளைவு. பக்கத்திலேயே, அட்ரோபின் சேர்த்தபின் வரைந்த இன்னொரு வளைவு.

முதலில் அச்சுகளைப் படியுங்கள். கிடை அச்சு பெரும்பாலும் மடக்கை அளவில் இருக்கும். ஒரு கட்டம் நகர்ந்தால் செறிவு 10 மடங்கு கூடுகிறது.

அடுத்து, வளைவின் உச்சத்தைப் பாருங்கள். அது 100 சதவீதம் என்றால், 50-லிருந்து கிடைக்கோடு இழுத்து, வளைவைத் தொட்ட இடத்திலிருந்து கீழே இறங்குங்கள். முதல் வளைவில் 0.1 மைக்ரோமோலார், இரண்டாவதில் 1 மைக்ரோமோலார் என வைத்துக்கொள்வோம். அதே பாதிச் சுருக்கத்துக்கு இப்போது 10 மடங்கு அசிட்டைல்கோலின் தேவை.

கடைசியாக, இரண்டு உச்சங்களையும் ஒப்பிடுங்கள். வளைவு இணையாக நகர்ந்து, உச்சம் மாறாமல் இருந்தால் அட்ரோபின் அதே ஏற்பிக்காகப் போட்டியிடுகிறது. அசிட்டைல்கோலினைக் கூட்டினால் அதை வென்றுவிடலாம். எவ்வளவு கூட்டியும் பழைய உச்சத்தை எட்டாவிட்டால், அது போட்டித் தடுப்பல்ல.

பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: உயரமான வளைவையே வீரியம் மிக்க மருந்து என்று எழுதிவிடுகிறார்கள். உயரம் காட்டுவது அதிகபட்ச விளைவை; வீரியத்தைக் காட்டுவது, வளைவு எவ்வளவு இடப்பக்கம் இருக்கிறது என்பது.