ஆறாவது விரலை எங்கே வெட்டுவது?

கோட்டோவியத்தைக் கொடுத்து ஏஐ கருவியில் படம் வரைபவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் கைவிரல்தான். பூக்காரம்மா கையில் ஆறு விரல் என்று வையுங்கள். 512 பிக்சல் அடிப்படைப் படத்தில் அது வெறும் மங்கல், கண்ணில் படாது. நுணுக்கம் சேர்க்கும் கட்டமோ அந்த மங்கலுக்கு நகமும் ரேகையும் போட்டுவிடும். நான்கு மடங்கு பெரிதாக்கினால் அசல் விரலேதான்!

அதனால் அடிப்படைப் படத்திலேயே கையை மட்டும் மாஸ்க் செய்து, `denoising strength` 0.5 அளவில் மறுபடி வரையவிடுங்கள். கன்ட்ரோல்நெட்டில் கோட்டோவியம் கூடவே இருக்கட்டும். அதன்பின் முழுப் படத்துக்கு 0.3 போதும். கூட்டினால் முகமே மாறலாம். இடைப்படங்களை பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்கின் கசடைக்கூட அடுத்த கட்டம் நுணுக்கமென்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூலக்கோட்டை மேலே வைத்து விரல்களை எண்ணிப் பாருங்கள்.