ஒரே எடை, மூன்று வேகம்

நீலகிரித் தைலத்தின் மணத்துக்கு முக்கியக் காரணம் சினியோல். கொத்தமல்லி விதையிலிருந்து வடிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பது லினலூல். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் வரும் வெனிலா மணம், வனிலின் என்ற வெள்ளைப் படிகத்தினுடையது. மூன்றின் மூலக்கூறு நிறை முறையே 154, 154, 152. சினியோலுக்கும் லினலூலுக்கும் மூலக்கூறு வாய்பாடுகூட ஒன்றுதான்: C10H18O. ஆனாலும் மூன்றையும் தனித்தனிக் காகிதப் பட்டையில் தொட்டு வைத்தால், சினியோல் முதலில் காணாமல் போகும். லினலூல் அதைவிட நெடுநேரம் தாங்கும். வனிலின் பல நாள் கழித்தும் பட்டையில் மணக்கும்.

சிறிய மூலக்கூறு முதலில் பறக்கும், பெரியது பின்தங்கும் என்றுதான் வாசனைத் திரவியம் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் சொல்லித் தருகின்றன. அது தவறில்லை. ஆனால் இந்த மூன்று பொருளும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு அதில் பதில் கிடையாது. எது முதலில் போகும் என்பதை நேரடியாகத் தீர்மானிப்பது ஆவியழுத்தம். அளவு அந்த ஆவியழுத்தத்தை மாற்றும் காரணங்களில் ஒன்று, அவ்வளவே.

அளவின் பங்கை முதலில் தனியாகப் பார்த்துவிடலாம். ஆரஞ்சுத் தோலில் ஆக்டனால், டெக்கனால் என்ற ஆல்டிஹைடுகள் சிறிதளவு உண்டு. ஆக்டனாலில் எட்டு கார்பன், அடுத்த நோனனாலில் ஒன்பது, டெக்கனாலில் பத்து. மற்ற எதுவும் மாறுவதில்லை, சங்கிலியில் ஒரு CH2 மட்டும் கூடுகிறது. கொதிநிலை 171, 191, 208 டிகிரி என ஏறுகிறது. ஆவியழுத்தமோ ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மூலக்கூறின் பரப்பு கூடும்போது அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு உள்ள லண்டன் ஈர்ப்பும் கூடுவதுதான் இதற்குக் காரணம். திரவத்தை விட்டு வெளியேறத் தேவைப்படும் ஆற்றல் சிறிது ஏறினாலே போதும், அந்த ஆற்றலைப் பெற்றிருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை பல மடங்கு சரிந்துவிடும். ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிடும்வரை அளவு நல்ல வழிகாட்டி.

குடும்பம் மாறினால் கதை மாறுகிறது. 25 டிகிரியில் சினியோலின் ஆவியழுத்தம் சுமார் 250 பாஸ்கல், லினலூலுடையது சுமார் 20. அணுக்கள் அதே அணுக்கள்தான், அவை கோக்கப்பட்டிருக்கும் விதம்தான் வேறு, குறிப்பாக ஆக்சிஜன் இருக்கும் இடம். சினியோலில் அது கூண்டு போன்ற வளையத்தில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஈதராக உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் ஹைட்ரஜன் இல்லாததால் ஒரு சினியோல் இன்னொரு சினியோலோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது. லினலூலில் அதே ஆக்சிஜன் -OH ஆக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு மடங்கு வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அந்த ஒரே ஒரு -OH. வனிலினில் தட்டையான பென்சீன் வளையம், அதன்மேல் -OH, கூடவே ஆல்டிஹைடு. அறை வெப்பநிலையில் அது திடப்பொருள், உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அதன் ஆவியழுத்தம் ஒரு பாஸ்கலில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். நிறை இரண்டு அலகு குறைவாக இருந்தும், சினியோலைவிட இது பத்தாயிரம் மடங்குக்கு மேல் கீழே.

இனி கலவைக்கு வருவோம், ஏனென்றால் யாரும் தனிப்பொருளைப் பூசிக்கொள்வதில்லை. மேல்நிலை வகுப்பில் படிக்கும் ரௌல்ட் விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது: கலவையில் ஒரு பொருளின் பகுதி அழுத்தம், அதன் தூய ஆவியழுத்தத்தை மோல் பின்னத்தால் பெருக்கினால் கிடைக்கும். சினியோலும் லினலூலும் சம மோல் கலந்தால், பகுதி அழுத்தங்கள் 125, 10 பாஸ்கல். திரவம் பாதிக்குப் பாதி, ஆனால் மேலே எழும் ஆவியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சினியோல். ஆகவே திரவத்தின் கலவை நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே போகிறது.

எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கிடலாம். ஆவியழுத்த விகிதம் 12 என்று வைத்துக்கொண்டால், எஞ்சியிருக்கும் சினியோலின் பின்னம், எஞ்சியிருக்கும் லினலூல் பின்னத்தின் 12ஆம் அடுக்கு. லினலூலில் பத்தில் ஒரு பங்கு போய் 0.9 மீதியிருக்கும் நேரத்தில், சினியோலின் மீதி 0.9-இன் 12ஆம் அடுக்கு, அதாவது 0.28. ஒன்று பத்து சதவீதம் இழப்பதற்குள் மற்றது எழுபது சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டது. லினலூல் சரிபாதியாகும்போது சினியோலில் மிஞ்சுவது 4096-இல் ஒரு பங்கு. வாசனைக்காரர்கள் சொல்லும் மேல் சுருதியும் நடுச் சுருதியும் இப்படித்தான் பிரிகின்றன: எல்லாப் பொருளும் முதல் நொடியிலிருந்தே ஆவியாகிக்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கலாம். மில்லிகிராம் வரை காட்டும் தராசில் ஒரு வாட்ச் கிளாஸை வைத்து, கலவையில் 0.2 கிராம் மெல்லிய படலமாகப் பரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடையைக் குறியுங்கள். வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு வளைந்து, சாய்வு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத் தணியும். அந்த வளைவுதான் சினியோல் தீர்ந்த இடம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அறை வெப்பநிலையும் மாறக் கூடாது, ஏனென்றால் பத்து டிகிரி ஏறினால் இத்தகைய பொருள்களின் ஆவியழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். தூய பொருள்களுக்குப் பதில் பழைய எலுமிச்சை எண்ணெயையோ ஆரஞ்சு எண்ணெயையோ எடுத்தால், எடை பூஜ்யத்துக்கு வராமல் நின்றுவிடலாம். கண்ணாடியைத் தொட்டால் பிசுபிசுக்கும். அதிலுள்ள லிமோனீன் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடைந்து, கனமான மிச்சத்தை உண்டாக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இதே ரௌல்ட் விதி அத்தர் தயாரிப்பிலும் வேலை செய்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் வடிப்பவர்கள் ரோஜா ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள பாத்திரத்துக்குள் இறக்கிக் குளிர்விக்கிறார்கள். சந்தனத்தின் சாண்டலால்களில் பதினைந்து கார்பனும் ஒரு -OH-வும் உண்டு, கொதிநிலை 300 டிகிரியை ஒட்டியது. லினலூல் போன்ற ஒரு பொருள் அதில் பத்தில் ஒரு மோல் பின்னமாகக் கரைந்திருந்தால், அதன் அழுத்தம் 20-இலிருந்து 2 பாஸ்கலாக இறங்கும். மணம் நீடிக்கும், ஆனால் அதே பத்து மடங்கு முதலில் எழும் வீச்சும் குறையும். இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. சந்தனம் மணத்தைப் 'பூட்டி' வைப்பதாகச் சொல்லப்படும் பேச்சில் பெரும்பகுதி இந்த எளிய நீர்த்தலே. ஒத்த தன்மையுள்ள மூலக்கூறுகள் சேர்ந்தால் ரௌல்ட் விதி ஓரளவு சரியாக வரும். தண்ணீரோ அதிக ஆல்கஹாலோ கலந்தால் விலகும்.

தராசு காட்டும் வரிசையை மூக்கு அப்படியே ஒப்புக்கொள்ளாது. 1955-இல் ஆங்கிலேய வாசனைக்காரர் டபிள்யூ. ஏ. பௌச்சர் வாசனைப் பொருள்களுக்கு 1 முதல் 100 வரை எண் கொடுத்தபோது, எடை பார்க்கவில்லை. பட்டையில் அந்தப் பொருளுக்கே உரிய மணம் எத்தனை நாள் உணரப்படுகிறது என்று முகர்ந்து பார்த்தார். ஒரு நாள்கூடத் தாங்காதவற்றுக்கு 1, நூறு நாளையும் தாண்டியவற்றுக்கு 100. வனிலின் காற்றில் மிகக் குறைவாகவே ஏறினாலும், அந்தச் சிறு அளவே நம் மூக்கு உணரப் போதுமானது. அதே ஆவியழுத்தம் உள்ள, ஆனால் மூக்கு எளிதில் உணராத இன்னொரு பொருள் பட்டையில் முழு எடையோடு கிடந்தும் மணமற்றதாகவே தோன்றும்.