இரண்டாவது மில்லி செகண்டில் யார் முன்னால்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். நோட்டில் நீளமாக ஒரு பட்டை, அதைக் கட்டம் கட்டமாக வெட்டி உள்ளே P1, P2, P3 என்று எழுத்துகள், கீழே 0, 2, 4, 5 என்று எண்கள். அந்தப் பட்டைக்குக் கான்ட் சார்ட் என்று பெயர். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் சி.பி.யு. ஷெட்யூலிங் அசைன்மென்ட் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணக்கு என்னவோ கூட்டல் கழித்தல்தான். ஆனாலும் ஒரே வகுப்பில் ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று விடைகள் வரும். கழித்தலில் பிழை வருவது அபூர்வம். பட்டையில் அடுத்த கட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் விடைகள் பிரிகின்றன. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது தெரியும்.

ஒரே ஒரு சி.பி.யு. இருக்கிறது. நான்கு புரோகிராம்கள் அதைக் கேட்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைத்தான் பிராசஸ் என்கிறோம். ஒவ்வொன்றும் எப்போது வந்தது, அதற்கு எவ்வளவு நேரம் சி.பி.யு. தேவை என்பது கேள்வியிலேயே தரப்படும். வந்த நேரத்தை அரைவல் டைம் என்றும், தேவையை பர்ஸ்ட் டைம் என்றும் மாணவர்கள் சொல்வார்கள். எல்லாம் மில்லி செகண்டில்.

| பிராசஸ் | வந்த நேரம் | தேவை |
|---|---|---|
| P1 | 0 | 6 |
| P2 | 1 | 3 |
| P3 | 2 | 1 |
| P4 | 4 | 4 |

முதலில் ரவுண்ட் ராபின். இதில் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் உண்டு. அந்த அளவுக்கு குவாண்டம் என்று பெயர். நம் கணக்கில் அது 2. இரண்டு மில்லி செகண்ட் ஓடியும் வேலை முடியவில்லை என்றால் சி.பி.யு.வை விட்டு இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். இடையிலேயே முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்குக் காத்திராமல் அடுத்தவர் ஏறிவிடுவார்.

0-வது மில்லி செகண்டில் P1 மட்டும்தான் இருக்கிறது, ஓடுகிறது. 1-ல் P2 வந்து வரிசையில் நிற்கிறது. சிக்கல் 2-ல் வருகிறது. அந்தக் கணத்தில் P1-இன் நேரம் முடிகிறது. அதே கணத்தில் P3 வருகிறது. இருவருமே வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். யார் முன்னால்?

இதற்கு இயற்கையான விடை எதுவும் கிடையாது. ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். புதிதாக வந்தவருக்கு முன்னிடம், இறங்கியவர் அவருக்குப் பின்னால் என்பது பரவலாகக் கையாளப்படும் வழக்கம். அதன்படி வரிசை P2, P3, P1 என்று ஆகிறது. 4-லும் இதே கதைதான்: P2 இறங்கும் அதே கணத்தில் P4 வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் வரிசையையும் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனால் இப்படி இருக்கும்:

| நேரம் | ஓடுவது | அதன் முடிவில் வரிசை |
|---|---|---|
| 0–2 | P1 | P2, P3, P1 |
| 2–4 | P2 | P3, P1, P4, P2 |
| 4–5 | P3 | P1, P4, P2 |
| 5–7 | P1 | P4, P2, P1 |
| 7–9 | P4 | P2, P1, P4 |
| 9–10 | P2 | P1, P4 |
| 10–12 | P1 | P4 |
| 12–14 | P4 | காலி |

பல மாணவர்கள் மூன்றாவது பத்தியை எழுதுவதில்லை. P1, P2, P3, P4 என்று வட்டமாகச் சுற்றினால் போதும் என்று நினைத்து நேராகப் பட்டையை வரைந்துவிடுகிறார்கள். அப்படிச் சுற்றினால் 5-ல் P4-ஐ ஏற்றிவிடுவோம். ஆனால் அப்போது வரிசையின் தலையில் நிற்பது P1. எண் வரிசை வேறு, காத்திருக்கும் வரிசை வேறு. என்னைக் கேட்டால் இந்த அசைன்மென்ட்டில் மதிப்பெண் தர வேண்டியதே அந்த மூன்றாவது பத்திக்குத்தான்.

மற்றதெல்லாம் கழித்தல். முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் டர்ன் அரவுண்ட் டைம்; அதிலிருந்து தேவையைக் கழித்தால் காத்திருந்த நேரம். P2 10-ல் முடிந்தது, 1-ல் வந்தது. டர்ன் அரவுண்ட் 9, காத்திருப்பு 6. இப்படியே P1-க்கு 6, P3-க்கு 2, P4-க்கு 6. காத்திருப்பின் சராசரி 5.

இப்போது வழக்கத்தை மாற்றிப் பார்ப்போம். இறங்கியவருக்கு முன்னிடம், வந்தவர் பின்னால். அப்போது 2-ல் வரிசை P2, P1, P3 என்று ஆகும். கடைசிவரை போட்டுப் பார்த்தால் P2-இன் காத்திருப்பு 6-லிருந்து 4 ஆகக் குறைகிறது, P3-இன் காத்திருப்பு 2-லிருந்து 4 ஆகக் கூடுகிறது. P1, P4 இரண்டுக்கும் மாற்றமில்லை. ஆகவே சராசரி அதே 5. நண்பனோடு சராசரியை மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘சரியாக வந்துவிட்டது’ என்று நோட்டை மூடுகிறவர்கள், இருவரும் வேறு வேறு பட்டை வரைந்திருப்பதைக் கவனிக்கவே மாட்டார்கள். முதல்முறை சி.பி.யு. கிடைக்க ஆன நேரத்தை, அதாவது ரெஸ்பான்ஸ் டைமைப் பார்த்தால் வித்தியாசம் வெளியே வந்துவிடும்: முதல் வழக்கத்தில் சராசரி 1.5, இரண்டாவதில் 2.25. எந்த வழக்கத்தைப் பின்பற்றினோம் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. திருத்துகிறவருக்கு அது அவசியம்.

அடுத்தது ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட், சுருக்கமாக எஸ்.ஜே.எஃப். சின்ன வேலைக்கு முதலிடம். ஜெராக்ஸ் கடையில் முழுப் புத்தகத்தோடு நிற்பவர், ஒரே ஒரு பக்கத்தோடு வந்தவரை ‘நீங்க எடுத்துக்கோங்க’ என்று முன்னால் விடுகிறாரே, அந்த நியாயம்தான். புத்தகக்காரருக்கு ஒரு பக்க நேரம்தான் கூடுதல். ஒரு பக்கக்காரருக்கோ ஒரு புத்தக நேரம் மிச்சம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகளில் பெரியது முன்னால் இருந்தால், இடம் மாற்றியதும் மொத்தக் காத்திருப்பு குறைந்தே தீரும். மாற்ற இனி எதுவும் இல்லை என்ற நிலையில் வேலைகள் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கப்பட்டிருக்கும். எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், சராசரிக் காத்திருப்பில் எஸ்.ஜே.எஃப்.-ஐ வெல்ல வேறு முறையே இல்லை என்பதற்கான நிரூபணம் இவ்வளவுதான்.

நம் கணக்கில் ஒரே நேரத்தில் வரவில்லை. அதனால் 0-ல் இருக்கிற ஒரே பிராசஸான P1 ஏறுகிறது. ஏறியவரை இறக்குவதில்லை என்பது எளிய எஸ்.ஜே.எஃப். விதி, 6 வரை P1 ஓடும். அப்போது காத்திருப்பவர்களில் சிறியது P3 (6–7), பிறகு P2 (7–10), பிறகு P4 (10–14). இங்கே நடக்கும் பெரிய தவறு, வந்த நேரத்தையே பார்க்காமல் தேவையை மட்டும் வைத்து அடுக்குவது. அப்படிச் செய்தால் P3 0-ல் தொடங்கி 1-ல் முடியும்; அதன் காத்திருப்பு 1 − 2 − 1 = −2. வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அட்டவணையில் ஒரு மைனஸ் எண் வந்தாலே பட்டை தவறு என்று கண்டுகொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருப்பவரையும் இறக்கலாம் என்று வைத்தால் எஸ்.ஆர்.டி.எஃப். ஒருவர் புதிதாக வரும்போதெல்லாம், யாருக்கு மிச்ச வேலை குறைவு என்று பார்க்க வேண்டும். 1-ல் P1-க்கு மிச்சம் 5, வந்த P2-க்கு 3, P1 இறங்குகிறது. 2-ல் P2-க்கு மிச்சம் 2, வந்த P3-க்கு 1, P2 இறங்குகிறது. P3 3-ல் முடிய, P2 மறுபடி ஏறுகிறது. 4-ல் P4 வரும்போது P2-க்கு மிச்சம் 1 மட்டும்தான். அதனால் P2-ஏ தொடர்ந்து 5-ல் முடிக்கிறது. பிறகு P4 (5–9), கடைசியில் P1 (9–14).

மூன்று முறைகளிலும் யார் எவ்வளவு காத்திருந்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| பிராசஸ் | ரவுண்ட் ராபின் | எஸ்.ஜே.எஃப். | எஸ்.ஆர்.டி.எஃப். |
|---|---|---|---|
| P1 | 6 | 0 | 8 |
| P2 | 6 | 6 | 1 |
| P3 | 2 | 4 | 0 |
| P4 | 6 | 6 | 1 |
| சராசரி | 5 | 4 | 2.5 |

நோட்டை மூடும் முன் ஒரு சோதனை. நான்கு தேவைகளின் சராசரி 14/4 = 3.5. எந்த முறையானாலும் டர்ன் அரவுண்ட் சராசரியும் காத்திருப்புச் சராசரியும் சரியாக 3.5 வித்தியாசப்பட வேண்டும். ரவுண்ட் ராபினில் 8.5-ம் 5-ம், எஸ்.ஜே.எஃப்.-ல் 7.5-ம் 4-ம், எஸ்.ஆர்.டி.எஃப்.-ல் 6-ம் 2.5-ம் வருகின்றன. இது கழித்தல் பிழையைப் பிடிக்கும். வரிசைப் பிழையைப் பிடிக்காது.

கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ‘எஸ்.ஆர்.டி.எஃப். சிறந்தது’ என்று முடிவுரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. P1-இன் வரியையும் படிக்க வேண்டும். முதலில் வந்த அது, 1-ல் இறங்கி 9 வரை தொடவே இல்லை. சின்ன வேலைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் P1-க்கு முறை வராமலே போகலாம். இதைத்தான் ஸ்டார்வேஷன் என்கிறார்கள். ரவுண்ட் ராபினில் அது நடக்காது. வரிசையில் n பேர் இருந்து குவாண்டம் q என்றால், அடுத்த முறைக்கு (n − 1) × q நேரத்துக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. மேலே ரவுண்ட் ராபின் அட்டவணையில் எட்டுக் கட்டங்கள், அதாவது ஏழு முறை ஆள் மாற்றம், எஸ்.ஜே.எஃப்.-ல் மூன்றே முறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருவரின் நிலையைச் சேமித்து இன்னொருவரின் நிலையை ஏற்ற நேரம் செலவாகும். அசைன்மென்ட்டில் அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். நிஜ எந்திரம் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. குவாண்டத்தை மிகச் சிறிதாக்கினால் மாற்றத்திலேயே நேரம் போகும், மிகப் பெரிதாக்கினால் முதலில் வந்தவர் முழுதாக முடித்துவிட்டுப் போகும் பழைய முறையாகவே ஆகிவிடும். லினக்ஸில் SCHED_RR என்ற ரவுண்ட் ராபின் வகைக்கு வழக்கமான குவாண்டம் 100 மில்லி செகண்ட்.

எஸ்.ஜே.எஃப்.-க்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. தேவை என்ற அந்தப் பத்தியை கேள்வித்தாள் தருகிறது. நிஜத்தில் யாரும் தருவதில்லை. ஒரு புரோகிராமுக்கு அடுத்து எவ்வளவு சி.பி.யு. வேண்டும் என்பது ஓடி முடிந்த பிறகுதான் தெரியும். பாடப்புத்தகங்கள் சொல்லும் வழி, பழையதை வைத்து ஊகிப்பது: சென்ற முறை ஊகித்ததையும் உண்மையில் ஆனதையும் கூட்டிப் பாதியாக்குவது. 8 என்று ஊகித்து 4 ஆனால் அடுத்த ஊகம் 6. அதற்கு 2 ஆனால் அடுத்தது 4. சீராக நடக்கும் புரோகிராமுக்கு இது பொருந்தும். திடீரென்று 12 கேட்டால் ஊகம் பின்தங்கிவிடும்.

ஊகிக்காமலேயே சின்ன வேலையைக் கண்டுபிடிக்கும் வழியும் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு 1961-ல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்காக உருவானது. அதற்காக அவர்கள் பல அடுக்கு வரிசைகளை வைத்தார்கள். தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் தின்றும் முடியாத புரோகிராம் ஓர் அடுக்கு கீழே தள்ளப்படும். கீழ் அடுக்கில் ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் இரட்டிப்பு. ஆனால் மேல் அடுக்குகள் காலியாக இருந்தால்தான் முறை வரும். சின்ன வேலைகள் மேலேயே முடிந்து போய்விடும், P1 போன்றவை தாமாகவே கீழே இறங்கிவிடும். யார் பெரியவர் என்று முன்கூட்டியே யாரையும் கேட்க வேண்டியதில்லை.