‘எத்தனை தடவைதான் சொல்றது, கைஸ்?’

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகம். 14 பேர் கொண்ட குழுவின் சாட்டில் இந்தச் செய்தி வந்து விழுகிறது:

“கைஸ், டைம்ஷீட்டுக்கு எத்தனை தடவைதான் ரிமைண்ட் பண்றது? எல்லாரும் சின்னக் குழந்தைங்களா? இன்னும் பாதிப் பேர் போடல. இதுதான் லாஸ்ட் வார்னிங். உடனே முடிங்க!!!”

அனுப்பியவர் என் தோழி. அந்தக் குழுவுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். செய்திக்குக் கீழே உடனே மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன. மூவரும் வியாழக்கிழமையே டைம்ஷீட் போட்டு முடித்தவர்கள்! போடாதவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

டைம்ஷீட் என்பது ஒருவர் எந்த நாளில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்ற கணக்கு. வேலை செய்த மணி நேரத்துக்குக் காசு என்று ஒப்பந்தம் போட்டிருக்கும் இடங்களில் வாடிக்கையாளருக்குப் போகும் பில்லே இதை வைத்துத்தான் தயாராகும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால், நான்கு பேர் போடாவிட்டால் பில்லில் 160 மணி நேரம் காணாமல் போகும். அக்கவுண்ட்ஸ் பிரிவு முதலில் தோழியைத்தான் கூப்பிடும். அவர் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது.

அன்று மாலை அவர் போனில் புலம்பியபோது, அந்தச் செய்தியை வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். கோபம் இருக்கிற இடத்தையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தோம். ‘எத்தனை தடவை’ போயிற்று. ‘குழந்தைங்களா’ போயிற்று. ‘லாஸ்ட் வார்னிங்’ போயிற்று. அதற்கு முந்தைய மாதமும் அதே வார்த்தை வந்திருந்ததாம். மிஞ்சியது, “இன்னும் பாதிப் பேர் டைம்ஷீட் போடல, உடனே முடிங்க” என்பது மட்டும். அதிலும் ‘பாதிப் பேர்’ உண்மை இல்லை, பாக்கி நான்கே பேர். எத்தனை மணிக்குள் என்பது எங்குமே இல்லை!

நேரம் அவர் மனதில் இருந்தது. ஆறு மணிக்குக் கணக்கைப் பூட்டுவார்கள் என்று திங்கள்கிழமை மெயிலிலேயே எழுதியிருந்தார். திங்கள்கிழமை மெயிலை வெள்ளிக்கிழமை யார் தேடிப் பார்ப்பார்கள்? ‘உடனே’ என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருப்பவருக்கு அது இன்னும் ஒரு மணி நேரம் கழித்து. இன்னொருவருக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது. அலுவலகங்களில் புழங்கும் ‘இ.ஓ.டி.’ இதைவிட மோசம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் குளிர்காலத்து வெள்ளி மாலை 5 மணி என்றால் நமக்குச் சனி அதிகாலை 3.30. கோடையில் அங்கே கடிகாரத்தை நகர்த்திவிடுவதால் 2.30. எந்த நாளின் முடிவு என்று எழுதாவிட்டால் ஆளுக்கொரு முடிவு.

அடுத்த மாதம் அவர் வேறு மாதிரி தொடங்கினார். எழுதுவதற்கு முன்னால் பட்டியலைத் திறந்து பார்த்தார். அப்போதும் நான்கு பேர் பாக்கி, ஆனால் நான்கும் ஒரே காரணம் இல்லை. இரண்டு பேர் தொடவே இல்லை. ஒருவர் எல்லாம் நிரப்பி, ‘சேவ்’ அழுத்திவிட்டு ‘சப்மிட்’ அழுத்தாமல் விட்டிருந்தார்; அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. இன்னொருவருக்குப் புதிய புராஜெக்ட் கோடு பட்டியலிலேயே வரவில்லை. இவரை எவ்வளவு திட்டினாலும் அவரால் சப்மிட் பண்ண முடியாது. அது கோடு திறந்துவிட வேண்டியவரிடம் போகவேண்டிய விஷயம், நினைவூட்டலால் தீராது.

பிறகு குழுவுக்கு எழுதியது இது:

“எல்லாருக்கும் வணக்கம். 10 பேரோட டைம்ஷீட் வந்துடுச்சு, நன்றி. மீதி 4 பேர் இன்னைக்கு வெள்ளி 28-ஆம் தேதி சாயங்காலம் 5.30-க்குள்ள, இந்திய நேரப்படி, சப்மிட் பண்ணிடுங்க. மேனேஜர் அப்ரூவ் பண்ண அரை மணி நேரம் வேணும், 6 மணிக்கு அக்கவுண்ட்ஸ் பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் வர்றது அடுத்த மாச பில்லுலதான் சேரும். கோடு வரலன்னாலோ லீவு எப்படிப் போடறதுன்னு தெரியலன்னாலோ 5 மணிக்குள்ள எனக்குச் சொல்லுங்க, நான் பார்க்கறேன்.”

பத்துப் பேர் போட்டாயிற்று என்று தெரிந்ததும், போடாத நால்வருக்கும் தாங்கள்தான் மிச்சம் என்று புரிந்துவிடுகிறது. பெயர் சொல்லவில்லை. பலர் முன்னால் பெயர் போட்டால் அன்றைக்கு வேலை நடக்கும், அடுத்த மாதம் அவர்கள் உங்கள் செய்தியைத் திறக்கவே யோசிப்பார்கள் என்பது என் எண்ணம். பூட்டியபின் என்ன ஆகும் என்பதும் மிரட்டலாக இல்லை, பேருந்து கிளம்பும் நேரத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது.

இதில் தோழி முதலில் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. கோபத்தை எடுத்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். முதல் வரைவில் “ப்ளீஸ், டைம் கிடைச்சா, முடிஞ்சவரைக்கும் 5.30-க்குள்ள போடப் பாருங்க” என்று எழுதியிருந்தார். இதைப் படிக்கிறவர் 5.30-ஐ ஓர் ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வார். கனிவு வணக்கத்தில் இருக்கலாம், நன்றியில் இருக்கலாம், ‘நான் பார்க்கறேன்’ என்பதில் இருக்கலாம். நேரம் வருகிற வாக்கியத்தில் மட்டும் ‘முடிந்தால்’ நுழையக்கூடாது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு எழுதும்போது இது இன்னும் கஷ்டம். “சார், ஃப்ரீயா இருக்கறப்ப பாருங்க” என்று கை தானாக எழுதும். “சார், உங்களோடது மட்டும் பாக்கி. 5.30-க்குள்ள போட்டுடுங்க சார்” என்றாலும் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

சப்மிட் அழுத்தாதவருக்குத் தனியாக எழுதினார்: “உங்க ஷீட் டிராஃப்ட்லயே நிக்குது. மணிக்கணக்கெல்லாம் சரியா இருக்கு, சப்மிட் மட்டும் அழுத்தணும். 5.30-க்குள்ள பண்ணிடறீங்களா?” இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. கோடு வராதவருக்கு நாலரைக்குக் கோடு திறந்தது. 5.10-க்கு மீதி இருவருக்கும் ஒரு வரி போனது, “இன்னும் 20 நிமிஷம்தான் இருக்கு” என்று. ஒருவர் போட்டார். கடைசி ஆளுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை.

முன்பெல்லாம் இவர் நான்கு மணி என்று எழுதிவிட்டு ஆறு வரை வாங்கிக்கொண்டிருந்தார். குழுவுக்கும் அது தெரிந்துபோய், நான்கு என்றால் ஆறு என்றே படிக்கப் பழகியிருந்தது. இந்த முறை 5.30 என்றால் 5.30. பட்டியலை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஒருவருடைய 40 மணி நேரம் அந்த மாத பில்லில் ஏறவில்லை.

இப்போது அவர் முதல் நினைவூட்டலைத் திங்கள்கிழமை காலையிலேயே எழுதி, வியாழன் மாலை போகும்படி நேரம் குறித்துவிடுகிறார். ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் அந்த வசதி இருக்கிறது. திங்கள் காலையில் யார் மீதும் இன்னும் கோபம் வந்திருக்காது.

அந்தக் கடைசி ஆள் அடுத்த திங்கள் பத்து மணிக்கு, “ஸாரி, சுத்தமா மறந்துட்டேன்” என்று எழுதினார். தோழி ‘எத்தனை தடவை’ என்று தட்டி, அழித்துவிட்டு, அனுப்பியது இது: “பரவாயில்ல. உங்க 40 மணி நேரம் அடுத்த மாச பில்லுல சேரும், ஷீட்டை இன்னைக்குப் போட்டுடுங்க. இந்த வாரத்தோடது வெள்ளி சாயங்காலம் 5.30.”