11.35 சதவீதம்

நியூரல் நெட்வொர்க் படிக்கத் தொடங்குபவர்களுக்குப் பல கல்லூரிகளிலும் இணைய வகுப்புகளிலும் முதலில் தரப்படும் பயிற்சி ஒன்று உண்டு. கையால் எழுதிய ஓர் எண்ணின் படத்தைப் பார்த்து, அது 0 முதல் 9 வரை எது என்று சொல்லும் நிரலை எழுத வேண்டும். பைடார்ச், டென்சர்ஃப்ளோ போன்ற ஆயத்தக் கருவிகளைத் தொடக்கூடாது. பைத்தானும், எண் அட்டவணைகளைப் பெருக்கவும் கூட்டவும் உதவும் நம்பை நூலகமும் மட்டுமே கையில் இருக்கும்.

முழு நிரலும் நூறு வரிக்குள் அடங்கிவிடும். இருந்தும் பலருக்கு இதில் நாட்கணக்கில் பொழுது போகிறது. சாதாரண நிரலில் தவறு இருந்தால் அது பாதியில் நின்று, எந்த வரியில் பிழை என்று சொல்லும். இந்த நிரல் அப்படி நிற்பதில்லை. தவறான கணக்கைப் போட்டுக்கொண்டே கடைசிவரை ஓடி, இறுதியில் ஒரு சதவீதத்தை அச்சிடும். அந்தச் சதவீதத்தைப் படிக்கத் தெரிவதுதான் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி.

முதலில் படங்களைப் பற்றி. இதற்குப் பயன்படுவது எம்னிஸ்ட் என்ற தொகுப்பு. பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000 படங்கள். ஒவ்வொன்றும் 28-க்கு 28 பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் சேகரித்த கையெழுத்துகளிலிருந்து யான் லெகுன், கொரின்னா கோர்ட்டெஸ், கிறிஸ்டோபர் பர்ஜஸ் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். மூலத் தொகுப்பில் பயிற்சிக்கு வைத்திருந்த எண்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்கள் எழுதியவை. சோதனைக்கு வைத்திருந்தவை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதியவை. ஊழியர்களின் எழுத்து தெளிவானது, மாணவர்களுடையது கிறுக்கல். ஒருவகை எழுத்தில் பழகிய நிரலை வேறுவகை எழுத்தில் சோதிப்பது நியாயமாகாது என்று இரண்டையும் சரிபாதியாகக் கலந்து பிரித்தார்கள்.

ஒரு படத்தில் 28 பெருக்கல் 28, அதாவது 784 பிக்சல்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண். அவற்றை 255-ஆல் வகுத்து 0-க்கும் 1-க்கும் இடையே கொண்டுவந்து, வரிசையாக நீட்டி வைத்தால் அதுதான் நெட்வொர்க்குக்கு உள்ளீடு. நடுவில் 64 முனைகள் கொண்ட மறை அடுக்கு ஒன்று, கடைசியில் பத்து எண்களுக்குப் பத்து முனைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இணைப்புகளையும் சேர்த்தால் 50,890 எடைகள். கற்றல் என்பது இந்த எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவதுதான், வேறெதுவும் இல்லை.

ஒரு தொகுதிப் படங்களை உள்ளே அனுப்பிப் பதில் வாங்கும் கணக்கு இவ்வளவுதான்:

```python
z1 = X @ W1 + b1
a1 = np.maximum(0, z1)
z2 = a1 @ W2 + b2
z2 = z2 - z2.max(axis=1, keepdims=True)
p = np.exp(z2)
p = p / p.sum(axis=1, keepdims=True)
```

இரண்டாவது வரி, குறை எண்களை எல்லாம் பூஜ்யமாக்குகிறது. கடைசி இரண்டு வரிகள், வந்த பத்து மதிப்புகளையும் கூட்டினால் 1 வரும்படி பத்து நிகழ்தகவுகளாக மாற்றுகின்றன. நாலாவது வரி தேவையற்றதுபோலத் தெரியும். விடையை அது மாற்றாது. ஆனால் அதை விட்டுவிட்டால், ஏதாவது ஒரு மதிப்பு 710-ஐத் தொட்டதும் `np.exp` முடிவிலியைத் தரும், அடுத்த வரியில் அது `nan` ஆகும், பிறகு எடைகள் எல்லாமே `nan` ஆகிவிடும்.

இனி திருத்தம். எம்னிஸ்ட் பயிற்சித் தொகுப்பின் முதல் படம் ஓர் 5. பார்ப்பவர் பலருக்கு அது 3 மாதிரியே தோன்றும். பாதி கற்ற நெட்வொர்க் ஒன்று இந்தப் படத்துக்கு 3 என்பதற்கு 0.6, 5 என்பதற்கு 0.3, மீதி எட்டுக்கும் சேர்த்து 0.1 என்று சொல்வதாகக் கொள்வோம். சரியான விடையில் 5-க்கு 1, மற்றவற்றுக்கு 0. இரண்டையும் கழித்தால் 3-இன் இடத்தில் +0.6, 5-இன் இடத்தில் -0.7. இந்தக் கழித்தல்தான் கடைசி அடுக்குக்குத் தேவையான முழுச் செய்தி: 3-இன் மதிப்பை இந்த அளவுக்கு இறக்கு, 5-இன் மதிப்பை இந்த அளவுக்கு ஏற்று. ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையால் பரவலான பின்பரவல் முறை, இதே செய்தியை முந்தைய அடுக்குக்கும் கொண்டுசெல்கிறது:

```python
d2 = (p - Y) / m
dW2 = a1.T @ d2
d1 = (d2 @ W2.T) * (z1 > 0)
dW1 = X.T @ d1
```

இங்கே m என்பது தொகுதியில் உள்ள படங்களின் எண்ணிக்கை, Y என்பது சரியான விடைகள். b1, b2 இரண்டுக்கும் d1, d2-ஐப் பத்திவாரியாகக் கூட்டினால் போதும். கிடைத்தவற்றைச் சிறிய ஓர் எண்ணால் பெருக்கி எடைகளிலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவே.

ஒரு மாணவர் இதை எல்லாம் சரியாகவே எழுதுகிறார். எடைகளுக்குத் தொடக்க மதிப்பு வேண்டுமே, எல்லாவற்றையும் பூஜ்யமாக வைப்போம் என்று `np.zeros` போட்டுவிடுகிறார். நிரல் ஓடுகிறது. பிழையளவு 2.3026-இல் தொடங்கி 2.301 பக்கம் வந்து நின்றுவிடுகிறது. சோதனையில் 11.35 சதவீதம். ஒருநாள் முழுக்க ஓடவிட்டாலும் அதே 11.35.

இந்த இரண்டு எண்களும் நிறையப் பேசுகின்றன. பத்து விடைகளுக்கும் சமமாக 0.1 கொடுத்தால் வரும் பிழையளவு, 10-இன் இயல் மடக்கை, அதாவது 2.3026. எதுவுமே கற்காத நெட்வொர்க் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் சுற்றிலேயே 15 அல்லது 40 என்று வந்தால் எடைகள் மிகப் பெரியவை, அல்லது 255-ஆல் வகுக்க மறந்தாயிற்று. 11.35 எங்கிருந்து வருகிறது? சோதனைப் படங்கள் 10,000-இல் 1 என்ற எண் 1,135 முறை வருகிறது. ஆக, நெட்வொர்க் எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘1’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்பதை மேலே உள்ள நாலு வரிகளிலேயே காணலாம். W1 பூஜ்யம் என்றால் a1 பூஜ்யம். a1 பூஜ்யம் என்றால் dW2 பூஜ்யம். W2 பூஜ்யம் என்பதால் d1-உம் dW1-உம் பூஜ்யம். 50,890 எடைகளில் நகரக்கூடியவை b2-இல் உள்ள பத்து மட்டுமே. அந்தப் பத்தும் படத்தைப் பார்ப்பதே இல்லை; எந்த எண் எத்தனை தடவை வருகிறது என்பதை மட்டும் கற்கும். பயிற்சித் தொகுப்பிலும் அதிகம் வருவது 1 தான், 6,742 முறை. மருந்து ஒரே வரி: W1-ஐச் சிறிய தற்செயல் எண்களால் நிரப்பி, 2-ஐ 784-ஆல் வகுத்ததன் வர்க்கமூலத்தால், சுமார் 0.05-ஆல், பெருக்க வேண்டும். W2-க்கும் அதேபோல, 784-க்குப் பதில் 64.

இது எளிதில் அகப்படும் தவறு. அகப்படாதவை மோசமானவை. மூன்றாவது வரியில் `(z1 > 0)` என்பதை விட்டுவிட்டால் நெட்வொர்க் கற்கவே செய்யும், சரியாகக் கற்க வேண்டிய அளவுக்கு மட்டும் போகாது. மறை அடுக்கே இல்லாத எளிய நெட்வொர்க்கே எம்னிஸ்ட்டில் ஏறக்குறைய 92 சதவீதம் எடுத்துவிடும். எனவே 91 சதவீதம் வந்தது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. நடு அடுக்கு வேலையே செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டிய மதிப்பெண் அது. 64 முனைகளோடு சரியாக எழுதிய நிரல் சில சுற்றுகளிலேயே 95-ஐத் தாண்ட வேண்டும்.

இத்தகைய தவறைப் பிடிக்க நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஏதாவது ஓர் எடையை எடுத்து 0.00001 கூட்டிப் பிழையளவைக் கணக்கிடுவது, பிறகு அதே அளவு குறைத்துக் கணக்கிடுவது, இரண்டின் வித்தியாசத்தை 0.00002-ஆல் வகுப்பது. வரும் விடையும் பின்பரவல் தந்த விடையும் பல தசம இடங்கள் வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டாலும் அந்த வித்தியாசமே துப்பு கொடுக்கும். 100 படங்கள் கொண்ட தொகுதியில் ஒன்று மற்றதைவிடச் சரியாக 100 மடங்கு இருந்தால், m-ஆல் வகுக்க மறந்திருக்கிறார் என்று பொருள். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. சோதிக்க எடுத்த எடை, படத்தின் மூலையில் உள்ள பிக்சலுக்கு உரியதாக இருந்தால் இரண்டு விடையுமே பூஜ்யமாக வந்து, எல்லாம் சரி என்று ஏமாற்றிவிடும். மூலைப் பிக்சல் எப்போதும் கறுப்பு, அதாவது 0. படத்தின் நடுப்பகுதியிலிருந்துதான் எடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி 97 சதவீதம் வந்ததும் பெரும்பாலோர் செய்வது, பெயின்ட் செயலியில் தாமே ஓர் எண்ணை எழுதிச் சோதிப்பது. எழுதியது 7, நெட்வொர்க் சொல்வது வேறு ஏதோ. இந்த முறை நிரலில் தவறு இல்லை. எம்னிஸ்ட்டில் பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. பெயின்ட்டில் நேர் எதிர். எம்னிஸ்ட்டில் ஒவ்வோர் எண்ணும் 20-க்கு 20 பெட்டிக்குள் சுருக்கப்பட்டு, அதன் நிறை மையம் 28-க்கு 28 படத்தின் நடுவில் அமையும்படி வைக்கப்பட்டிருக்கிறது. சொந்தப் படத்தையும் வண்ணம் மாற்றி, வெட்டி, சுருக்கி, மையப்படுத்திக் கொடுத்தால் பதில்கள் வெகுவாகச் சீராகும்.

அப்போதும் எழுத்து ‘அ’வைக் காட்டினால் அதையும் ஓர் எண் என்றே சொல்லும், பத்து முனைகளில் ‘தெரியவில்லை’ என்பதற்கு ஒரு முனை கிடையாது. நன்றாக அடையாளம் கண்ட 7-ஐயே சில பிக்சல்கள் பக்கவாட்டில் நகர்த்தினாலும் தடுமாறும். 784 எண்களாக நீட்டி வைத்தபோதே எந்தப் பிக்சல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி போய்விட்டது. இடப்பக்கத்து 7-உம் வலப்பக்கத்து 7-உம் இந்த நெட்வொர்க்குக்குத் தொடர்பே இல்லாத இரண்டு உள்ளீடுகள். ஒரே சிறிய எடைக் கட்டத்தைப் படம் முழுவதும் நகர்த்திப் பார்க்கும் கன்வல்யூஷன் முறையை லெகுன் குழுவினர் 1980-களின் கடைசியில், அஞ்சல் உறைகளில் கையால் எழுதிய எண்களைப் படிப்பதற்குக் கையாண்டார்கள்.