பி.எஃப். பாஸ்புக்கில் மூன்றாவது கட்டம்

திருவண்ணாமலை மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்யாணமோ குழந்தையோ வந்து வேலையை விடும்போதுதான் பலருக்கு பி.எஃப். ஞாபகம் வரும். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பாஸ்புக்கைத் திறப்பார்கள். திரையில் எல்லாம் ஆங்கிலமும் இந்தியும். அதை செல்போனில் படம் பிடித்து, படித்த அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுல எவ்ளோ வரும்?" என்று கேட்பார்கள்.

படம் பார்க்கிறவரும் தடுமாறத்தான் செய்வார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. இடப்பக்கம் தேதி, நடுவில் சம்பளம், வலக்கோடியில் Employee, Employer, Pension என்று மூன்று கட்டங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் வாங்கும் ஒருவரின் வரியைப் பார்ப்போம். முதல் கட்டத்தில் 1,440 இருக்கும், அதாவது 12 சதவீதம். சம்பளத்திலிருந்து பிடித்த தொகை அது. இரண்டாவது கட்டம் முதலாளி போட்டது, அதில் 440தான் இருக்கும். "என்கிட்ட 1,440 புடிச்சிட்டு கம்பெனி 440 மட்டும் கட்டியிருக்கு" என்ற கோபம் இங்கேதான் கிளம்புகிறது.

கம்பெனியும் 1,440 கட்டியிருக்கிறது. அதில் 8.33 சதவீதம், இங்கே 1,000 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்து மூன்றாவது கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1995-இல் வந்த ஏற்பாடு இது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் ஓய்வூதியத்துக்கு 15,000 ரூபாய்வரைதான் கணக்கு என்று 2014 செப்டம்பரில் வரம்பு வைத்தார்கள். அதனால் பெரும்பாலோருக்கு மூன்றாவது கட்டம் 1,250-ஐத் தாண்டாது. பிடித்தம் சரியா என்று பார்க்க, இரண்டாவது கட்டத்தையும் மூன்றாவதையும் கூட்டுங்கள், முதல் கட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். நாமே விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

படம் எடுப்பதில் ஒரு வழக்கமான கோளாறு உண்டு. அகலமான பக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்த போனில் எடுக்கும்போது வலக்கோடிக் கட்டம் வெட்டுப்பட்டுப் போகும். மூன்றாவது கட்டம் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு யாரும் கணக்குச் சொல்ல முடியாது. போனைப் படுக்கையாகத் திருப்பி, தலைப்பு வரியும் கடைசி வரியும் தெரிய எடுக்க வேண்டும். கணக்கு எண்ணையும் பிறந்த தேதியையும் விரலால் மறைத்துவிட்டு அனுப்புவது நல்லது.

அடுத்து, தேதி. மார்ச் மாதச் சம்பளத்துக்கான தொகையை முதலாளி ஏப்ரல் 15-க்குள் கட்ட வேண்டும். பாஸ்புக்கில் அந்த வரி Cont. For Due-Month என்று தொடங்கி ஏப்ரலைக் காட்டும். மார்ச் காணோமே என்று பதற வேண்டாம். ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, இங்கே ஒரு மாதத்து வரியே இல்லையென்றால், அது கேட்க வேண்டிய கேள்வி. சம்பளச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

வட்டி வருடத்துக்கு ஒருமுறைதான் ஏறும். ஆனால் கணக்கு மாதந்தோறும் ஓடுகிறது. ஏப்ரலில் சேர்ந்தவருக்கு முதல் வரி மே மாதம்தான் விழும், மார்ச் முடிய 11 வரிகள். ஒவ்வொரு தொகைக்கும், அது வந்து சேர்ந்ததற்கு அடுத்த மாதத்திலிருந்தே வட்டி. மே மாதத் தொகைக்குப் பத்து மாத வட்டி, மார்ச்சில் வந்ததற்கு ஒன்றுமில்லை. 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவீதத்தில் போட்டால், மாதம் 1,880 வீதம் சேர்ந்த 20,680 ரூபாய்க்கு முதல் ஆண்டு வட்டி சுமார் 711 ரூபாய். 1,700 வரும் என்று நினைத்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு இந்த மொத்தத் தொகைக்கும் பன்னிரண்டு மாத வட்டி கிடைக்கும்.

இந்த வட்டி முதல் இரண்டு கட்டங்களுக்கு மட்டும்தான். மூன்றாவது கட்டத்துக்கு வட்டியே கிடையாது. அந்தப் பணம் நம் பேரில் வளரும் சேமிப்பு இல்லை, ஒரு பொது நிதிக்குப் போய்விடுகிறது. திரும்ப வருவது எவ்வளவு என்பதைக் கடைசிச் சம்பளமும் வேலை செய்த ஆண்டுகளும்தான் தீர்மானிக்கின்றன.

ஐந்து ஆண்டு முடித்து வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகச் சம்பளத்தை 12,000-லேயே நிறுத்துகிறேன். முதல் இரண்டு கட்டங்களில் 86,400-ம் 26,400-ம் வட்டியோடு இருக்கும். அதை எடுக்க படிவம் 19. மூன்றாவதற்குப் படிவம் 10சி. அதற்குச் சேவைக் காலத்தை மாதவாரியாகக் கணக்கிடும் ஓர் அட்டவணை இருக்கிறது, ஐந்து ஆண்டுக்கு 5.02. சம்பளத்தை அதால் பெருக்கினால் 60,240 ரூபாய். கட்டியது 60,000. ஐந்து ஆண்டில் கூடியது 240 ரூபாய்.

இவ்வளவுதானா, எடுத்துவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். பிரவுசிங் சென்டரிலும் இரண்டு படிவத்தையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். ஆனால் 10சி போட்டுப் பணம் வாங்கியதும் அந்த ஐந்து ஆண்டுச் சேவையும் அழிந்துவிடும். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். அதே பெண் பிறகு வேறு கம்பெனியில் ஐந்து ஆண்டு உழைத்தாலும் கையில் இருப்பது ஐந்து ஆண்டுதான். எடுக்காமல் விட்டிருந்தால் பத்து. பத்து ஆண்டுக்கு, சம்பளத்தைப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதிலிருந்து மாதம் 1,714 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மூன்றே ஆண்டில் 60,240-ஐத் தாண்டிவிடும். மறுபடி வேலைக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்வதே என் பார்வையில் புத்திசாலித்தனம். இனி வேலையே இல்லை என்று உறுதியாக இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

புதிய கம்பெனிக்குக் கணக்கை மாற்றியவர்கள் இன்னொரு பயத்தோடு வருவார்கள். புதிய பாஸ்புக்கில் முதல் இரண்டு கட்டத் தொகையும் வந்திருக்கும், மூன்றாவதில் பூஜ்யம் நிற்கும். பணம் தொலையவில்லை. அங்கே மாறி வருவது சேவை ஆண்டுகள்தான், ரூபாய் இல்லை.

எடுக்கும் காலக்கெடு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. வேலை போய் இரண்டு மாதம் ஆனால் முழுவதும் எடுக்கலாம் என்பது நீண்டகால விதி. 2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, கால் பங்கைக் கணக்கிலேயே நிறுத்திவைக்கவும், முழுத்தொகைக்கு 12 மாதமும் ஓய்வூதியப் பணத்துக்கு 36 மாதமும் காத்திருக்கவும் வேண்டும் என முடிவெடுத்தது. பழைய ஆட்கள் சொல்லும் "ரெண்டு மாசம்" என்பதை நம்பிக் கடன் வாங்கிவிடாமல், விண்ணப்பிக்கும் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. பான் எண் இணைத்திருந்தால் 10 சதவீதம், இல்லையென்றால் இன்னும் அதிகம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட பாஸ்புக்கில் தெரியாத ஒரு காரணமும் இருக்கும். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யாமல் விட்டிருக்கும். கடைசித் தொகை வந்து இரண்டு மாதம் கழிந்ததும் உறுப்பினர் தளத்தில் Mark Exit என்ற இடத்தில் நாமே அதைப் பதியலாம்.

இருப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் படமே வேண்டாம். கணக்கோடு இணைத்த போனிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்கு இப்படி எஸ்.எம்.எஸ். அனுப்பலாம்:

```
EPFOHO UAN TAM
```

கடைசியில் உள்ள TAM தமிழைக் குறிக்கும். UAN என்பதை அப்படியே எழுத வேண்டும், எண்ணைப் போட வேண்டியதில்லை. கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் தமிழிலேயே வந்துவிடும். சேவை ஆண்டுகள் அதில் வராது. அதற்குப் பாஸ்புக் தளத்துக்குத்தான் போக வேண்டும்.